அரக்குப் பட்டு ஏன் ரத்தச் சிவப்பாகிறது? படக்கருவிக்கு நிறத்தையும் துணியையும் சொல்வது பற்றி

சுவடி | மார்ச் 3, இரவு 9.15

நான் எழுதும் தொடர்கதைக்கு அத்தியாயத்துக்கு ஒரு படம் வீதம் என் கணினியிலேயே, சொற்களைக் கொண்டு படம் வரையும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் வைத்து உருவாக்குகிறேன். கதாநாயகியின் உடை கதையில் தெளிவாக இருக்கிறது: அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு, கடுகு மஞ்சள் கரை, பாட்டில் பச்சை ரவிக்கை. படத்திலோ புடவை ரத்தச் சிவப்பாகவும், கரை முழுவதும் தங்கத் தகடாகவும் வருகிறது. ரவிக்கை ஒரு படத்தில் மஞ்சள், இன்னொன்றில் சிவப்பு. பட்டு என்று சொன்னால் சாட்டின் இரவு உடையைப் போல வழுக்கிக்கொண்டு விழுகிறது. அவள் வீட்டில் கட்டும் பருத்திப் புடவைக்கும் அதே பளபளப்புதான். நான் கொடுக்கும் கட்டளை இது:

```
beautiful Indian bride in maroon silk saree with mustard border,
green blouse, golden hour, temple, marigold flowers, cinematic
```

நிறத்தின் பெயரை நான் போதுமான துல்லியத்துடன் சொல்லவில்லை என்பது என் எண்ணம். இதைவிடத் துல்லியமாக எப்படிச் சொல்வது?

பதினாறெண் | மார்ச் 3, இரவு 9.50

பெயரே வேண்டாம், எண்ணைக் கொடுங்கள். இணைய உலாவிகளின் நிறப் பட்டியலில் மெரூனுக்கு `#800000` என்ற எண் இருக்கிறது. மஸ்டர்ட் என்ற பெயர் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. அதனால்தான் கரை தடுமாறுகிறது. கடுகு மஞ்சளுக்கு `#D4A017` என்று எழுதுங்கள், வேலை முடிந்தது.

கீற்றொளி | மார்ச் 3, இரவு 11.20

பதினாறெண் சொல்லும் பட்டியல் உண்மை, ஆனால் படக்கருவி அந்தப் பட்டியலைப் பார்ப்பதில்லை. படங்களின் அருகில் மனிதர்கள் எழுதிய விவரிப்புகளிலிருந்துதான் அது நிறத்தைக் கற்றிருக்கிறது. யாரும் புடவைப் படத்துக்கு அடியில் ஆறு இலக்க எண் எழுதி வைப்பதில்லை. பழைய மாதிரிகள் அந்த எண்ணைப் பொருளற்ற துண்டுகளாகப் பிரித்துவிடும். புதிய மாதிரிகள் சில அதை ஏற்கின்றன என்பது சரியே. சுவடி பயன்படுத்துவது பழையது என்றால் எண்ணால் பயனில்லை.

சுவடி, உங்கள் கட்டளையில் நிறத்தின் பெயர்களைக் காட்டிலும் மற்றச் சொற்கள்தான் கேடு செய்கின்றன. இந்திய மணப்பெண் என்றதுமே கருவிக்குத் தெரிந்த ஆயிரக்கணக்கான கல்யாணப் படங்களும் சிவப்பும் தங்கமுமாக வந்து நிற்கும். அந்தக் கூட்டத்தில் மெரூன் என்ற ஒற்றைச் சொல் தோற்றுப்போகும். மாலை வெயில் என்றீர்கள், அது எல்லாவற்றின் மேலும் ஆரஞ்சைப் பூசும். சாமந்திப் பூ என்றீர்கள், அந்த மஞ்சள் பூவிலிருந்து இறங்கி ரவிக்கையில் ஏறிக்கொள்ளும். திரைப்படத் தோற்றம் என்ற சொல் நிழல்களை நீலப்பச்சையாகவும் தோலை ஆரஞ்சாகவும் திருப்பும். இந்த நான்கையும் எடுத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பெயரை மாற்றுவது அதற்குப் பிறகு.

சுவடி | மார்ச் 4, காலை 7.05

எடுத்துவிட்டேன். சாம்பல் நிறச் சுவர், மேகமூட்டமான பகல் என்று மட்டும் வைத்தேன். புடவை உடனே இருண்டது. அரக்கு என்று சொல்லத்தக்க நிலைக்கு வந்துவிட்டது. ரவிக்கை மட்டும் இன்னும் கரையோடு நிறம் மாற்றிக்கொள்கிறது. ஒரு படத்தில் ரவிக்கை கடுகு மஞ்சள், கரை பச்சை. உடை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் என் கதாநாயகியுடையது அல்ல.

மல்லிச்சரம் | மார்ச் 4, காலை 10.30

எனக்கும் இதே கோளாறுதான் நடந்தது. போன மாதம் இணையக் கடை ஒன்றில் கடுகு மஞ்சள் என்று போட்டிருந்த புடவையை வாங்கினேன். பார்சலைப் பிரித்தால் எலுமிச்சை மஞ்சள். திருப்பி அனுப்பினால் கட்டணம் பிடிப்பார்களாம். யாரிடம் முறையிடுவது?

கீற்றொளி | மார்ச் 4, காலை 11.10

மல்லிச்சரம், இங்கே பேசுவது கணினி வரையும் படத்தைப் பற்றி. ஆனாலும் உங்கள் கேள்வியில் ஒன்று எங்களுக்குப் பயன்படுகிறது. கடைக்காரர்கள் மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்த எலுமிச்சைப் புடவை படத்தில் கடுகாகத் தெரிவது வழக்கம். அப்படிப்பட்ட படங்களையும் அவற்றின் தலைப்புகளையும் பார்த்துத்தான் கருவி கடுகு மஞ்சள் எது என்று கற்றிருக்கிறது. அதற்குத் தெரிந்த கடுகு ஒரு புள்ளியாக இருக்காது; எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே ஒரு பெரிய பரப்பு அது. ஒளியையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பரப்பு சுருங்கும்.

(முறையீடு பற்றி: விற்பனைப் பக்கத்தின் படத்தையும், பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்து நீங்கள் எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் உங்கள் படத்தில் நிறம் திரியவில்லை என்று காட்டிவிடலாம்.)

தறிமேடை | மார்ச் 4, இரவு 8.40

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் காஞ்சிபுரத்தில் தறி ஓடுகிறது. கணினி எனக்குத் தெரியாது, துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சுவடி பட்டு என்று எழுதியதும் கருவி சாட்டினைக் கொடுத்ததில் எனக்கு வியப்பில்லை. பட்டு என்பது நூல். சாட்டின் என்பது நெய்யும் முறை. நூல்கள் நீளமாக மேலே மிதந்து கிடக்கும்படி நெய்வதால்தான் சாட்டின் கண்ணாடிபோல மின்னுகிறது. பட்டு நூல் இல்லாமலும் சாட்டின் நெய்யலாம். காஞ்சிபுரம் புடவையின் உடல் அப்படி நெய்யப்படுவதில்லை. பல இழைகளைச் சேர்த்து முறுக்கிய நூலைப் பாவிலும் ஊடையிலும் நெருக்கமாக அடித்திருப்போம். அதனால் துணிக்குக் கனமும் விறைப்பும் வரும். கொசுவம் வைத்தால் அகலமான, எண்ணிக்கையில் குறைந்த மடிப்புகள் நேராக நிற்கும். தண்ணீர் ஒழுகுவதுபோல விழாது. பளபளப்பு இருக்கும், ஆனால் அது மடிப்பின் முதுகில் ஒரு பட்டையாக ஓடி, பள்ளத்தில் சட்டென்று இருண்டுவிடும். புதுப் புடவையைக் கட்டி உட்கார்ந்தவர் எழுந்தபின்னும் மடி இருந்த இடத்தில் துணி கொஞ்ச நேரம் அப்படியே கூடாரமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இதையெல்லாம் உங்கள் கருவியிடம் சொல்ல முடியுமானால் சொல்லுங்கள். நூலின் பெயரை மட்டும் சொன்னால் அது எந்த நாட்டுப் பட்டென்று எப்படித் தெரியும்?

பருத்தி இதற்கு நேர் எதிர். பட்டு நூல் புழுவின் வாயிலிருந்து அறுபடாமல் வரும் நெடிய இழை. பருத்தியோ குட்டைக் குட்டையான நார்களைத் திரித்தது. நுனிகள் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் ஒளி நாலா பக்கமும் சிதறும். துணியின் மேல் பளிச்சென்று ஒரு கோடுகூட விழாது. கஞ்சி போட்டிருந்தால் மடிப்பு கூர்மையாக இருக்கும். இல்லையென்றால் இடுப்பருகே சிறுசிறு கசங்கல்கள் தெரியும்.

சுவடி | மார்ச் 5, இரவு 10.25

தறிமேடை ஐயா எழுதியதை நான்கு முறை படித்துவிட்டு, பட்டு என்ற சொல்லோடு அதன் நடத்தையையும் எழுதினேன். ஒவ்வோர் உடுப்புக்கும் ஒரு தனி வாக்கியம்:

```
a woman standing, plain grey wall, soft overcast daylight.
She wears a dark maroon saree, heavy handwoven silk,
stiff broad pleats, soft low sheen.
The saree border is flat mustard yellow with two thin gold zari lines.
Her blouse is bottle green cotton, matte.
```

கொசுவம் இப்போது நிற்கிறது. கரையில் செய்த சிறு மாற்றம்தான் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. தங்கம் என்ற சொல்லை முழுவதும் நீக்கினால் கரை வெறும் மஞ்சள் துணியாகிவிடுகிறது. எல்லையில்லாமல் சொன்னால் கடுகைத் தின்றுவிடுகிறது. இரண்டு மெல்லிய ஜரிகைக் கோடுகள் என்று அளவுகட்டிச் சொன்னதும் கடுகு கடுகாகவும் ஜரிகை ஜரிகையாகவும் பிரிந்தன. கோடுகள் எப்போதும் இரண்டாக வருவதில்லை, சில படங்களில் நான்கைந்து வருகின்றன. அதை நான் பொருட்படுத்தவில்லை.

வீட்டுப் புடவைக்கு இது:

```
off-white handloom cotton saree, matte, visible weave,
small irregular creases, no shine
```

இதில் மட்டும் மினுமினுப்பு இன்னும் போகவில்லை.

கீற்றொளி | மார்ச் 5, இரவு 11.00

போகாது, நீங்கள்தான் அழைத்து வந்திருக்கிறீர்கள். கடைசிச் சொல்லைப் பாருங்கள். வேண்டாம் என்ற பகுதியை இந்த மாதிரிகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை, மினுமினுப்பை மட்டும் பிடித்துக்கொள்கின்றன. வேண்டாதவற்றை எழுத எதிர்மறைப் பெட்டி என்று தனியாக இருக்கிறதே, அங்கே `satin, glossy, shiny` என்று போடுங்கள். மேலே இருப்பதில் மங்கல், நெசவு தெரிவது, கசங்கல் ஆகிய மூன்றும் போதும்.

நீளத்தையும் கவனியுங்கள். பழைய மாதிரிகள் கட்டளையைச் சுமார் 75 துண்டுகள் கொண்ட பகுதிகளாகவே படிக்கும். பட்டுப் புடவைக்கு நேற்று எழுதிய உங்கள் புதிய கட்டளை அந்த அளவுக்குள் நின்றுவிடுகிறது. அதோடு நகை, பூ, கோயில் என்று சேர்த்துக்கொண்டே போனால் ரவிக்கையின் வாக்கியம் இரண்டாவது பகுதிக்குத் தள்ளப்பட்டு வலுவிழக்கலாம்; சில நிரல்களில் வெட்டுப்பட்டே போகும்.

பதினாறெண் | மார்ச் 6, காலை 9.20

எண்ணைக் கட்டளையில் எழுதிப் பயனில்லை என்றே வைத்துக்கொள்வோம். வந்த படத்தைச் சோதிக்கவாவது எண் வேண்டாமா? அரக்கு என்று சொல்லத்தக்க நிலை என்கிறார் சுவடி. அவர் திரையில் அரக்காக இருப்பது என் கைப்பேசியில் சாக்லேட்டாக இருக்கிறது.

கீற்றொளி | மார்ச் 6, பகல் 1.45

இதில் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. எந்தப் படத்தொகுப்பு நிரலிலும் நிறமெடுக்கும் கருவி இருக்கும். அதில் HSV முறையைத் தேர்ந்து நிறத்தின் கோணத்தையும் வெளிச்சத்தின் விழுக்காட்டையும் பாருங்கள். பதினாறெண் கொடுத்த `#D4A017` என்பதன் கோணம் ஏறக்குறைய 43 பாகை, வெளிச்சம் 83 விழுக்காடு. கரையில் தொட்டுப் பார்க்கும்போது கோணம் 30-ஐ நெருங்கினால் அது ஆரஞ்சு. 55-ஐத் தாண்டினால் எலுமிச்சை. அரக்குக்கு `#7B1E2B` என்று ஓர் இலக்கு வையுங்கள்: கோணம் 352, வெளிச்சம் 48. வெளிச்சம் 70-க்கு மேல் ஏறினால் வெறும் சிவப்பு. கோணம் 15, 20 பக்கம் வந்து வெளிச்சமும் 35-க்குக் கீழே இறங்கினால் பதினாறெண்ணின் சாக்லேட்.

தொடும் இடம் முக்கியம். மடிப்பின் முதுகில் தொட்டால் பளபளப்பை அளப்பீர்கள், பள்ளத்தில் தொட்டால் நிழலை. தட்டையாகக் கிடக்கும் ஓரிடத்தில், ஒற்றைப் புள்ளியாக இல்லாமல் சிறு சதுரத்தின் சராசரியை எடுங்கள். பட்டில் இந்த வேறுபாடு பெரிது. பருத்தியில் எங்கே தொட்டாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். படத்தில் துணி பருத்தியாகத்தான் வந்திருக்கிறதா என்று பார்க்கவும் இதே சோதனை உதவும்.

சுவடி | மார்ச் 6, இரவு 9.30

அளந்தேன். புடவை 350 பாகை, வெளிச்சம் 45, நிம்மதி. கரை 34 பாகைதான். கண்ணுக்குக் கடுகாகத் தெரிந்தது உண்மையில் ஆரஞ்சு. பக்கத்தில் இருக்கும் அரக்கு அதைத் தூக்கிக் காட்டி ஏமாற்றியிருக்கிறது.

மஸ்டர்ட் என்பதற்குப் பதிலாக நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கலாமென்று தோன்றியது. மாம்பழ மஞ்சள் என்று எழுதினேன். கதாநாயகியின் கையில் ஒரு மாம்பழம் வந்துவிட்டது. ஆர்வத்தில் மயில்கழுத்து நிறத்தையும் சோதித்தேன். பின்னணிச் சுவருக்கு முன்னால் ஒரு மயில் நிற்கிறது. கிளிப்பச்சையை இன்னும் தொடவில்லை, தொடும் துணிவும் இல்லை.

மல்லிச்சரம் | மார்ச் 6, இரவு 9.55

வெங்காயச் சருகு நிறத்தை முயன்று பாருங்கள், சாம்பாருக்கு ஆகும்.

தறிமேடை | மார்ச் 7, காலை 6.30

சிரித்துவிட்டேன். ஆனால் எங்கள் தொழிலில் அந்தப் பெயர்கள்தான் சரியான பெயர்கள். சாயம் போடுபவரிடம் வாடாமல்லி என்றால் மறுபேச்சு இல்லாமல் அதே நிறத்தில் நூல் வரும். எம்.எஸ். நீலம் என்று கடையில் கேட்டால் எடுத்துப் போடுவார்கள், எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்களுக்காக எங்கள் ஊர் முத்துச் செட்டியார் நெய்துகொடுத்த நிறம் அது. அந்த அம்மாவின் பெயர் உங்கள் கருவிக்கு என்ன புரியும்?

மயில்கழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது ஒரு நிறமே அல்ல. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம்: ஒன்று நீலம், ஒன்று பச்சை. துணி திரும்பும்போது ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் பச்சையும் மேலெழும். மாந்துளிர் நிறமும் அப்படிப் பாவும் ஊடையும் வேறாக வைத்து நெய்வதுதான். இதற்கு ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு எந்த இடத்தில் தொட்டுப் பார்ப்பீர்கள்? கீற்றொளி சொன்ன தட்டையான இடத்தில் தொட்டால் இரண்டும் கலந்த ஏதோவொன்றுதான் கிடைக்கும். அது புடவையின் நிறம் என்று எந்த நெசவாளியும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கீற்றொளி | மார்ச் 7, காலை 10.15

என் அளவீடு அங்கே தோற்கும் என்பதை மறுக்க முடியாது. கட்டளையில் இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்:

```
shot silk, blue warp and green weft,
colour shifting from blue to green along the folds
```

எனக்கு இது சில படங்களில் மட்டுமே சரியாக வந்தது. பல படங்களில் கருவி மேல் பாதியை நீலமாகவும் கீழ்ப் பாதியைப் பச்சையாகவும் சாயம் தோய்த்துவிடுகிறது. மடிப்புக்கு மடிப்பு மாற வேண்டும், உயரத்துக்கு உயரம் அல்ல என்பதை அதற்கு உணர்த்தும் சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

சுவடி, உங்கள் கரையைச் சொல்லால் திருத்த இதற்கு மேல் முயல வேண்டாம். படத்தை ஒரு வரைகலை நிரலில் திறந்து, கரையின் மேல் `#D4A017` நிறத்தைத் தட்டையாகத் தூரிகையால் பூசுங்கள். அழகு வேண்டாம், எல்லை தாண்டாமல் இருந்தால் போதும். பிறகு அந்தப் பகுதியை மட்டும் குறித்துவிட்டுக் கருவியை மறுபடி வரையச் சொல்லுங்கள். மாற்றத்தின் வலிமையை 0.4-இலிருந்து 0.5-க்குள் வையுங்கள். அந்த வலிமையில் கருவி கீழே இருக்கும் நிறத்தைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொண்டு நெசவையும் மடிப்பையும் மட்டும் திரும்ப வரையும். 0.75 என்று வைத்தால் உங்கள் பூச்சை மறந்து பழைய ஆரஞ்சுக்கே போய்விடலாம், 0.2 என்றால் பூசிய சாயம் ஒட்டுத்தாள் போல அப்படியே தெரியும்.

பதினாறெண் | மார்ச் 7, காலை 10.40

ஆக, கடைசியில் என் எண் உள்ளே வந்துவிட்டது. கட்டளை வழியாக இல்லை, தூரிகை வழியாக.

சுவடி | மார்ச் 8, இரவு 11.10

பூசி, 0.45-இல் வரைந்தேன். கரை 42 பாகை. ஜரிகைக் கோடுகள் முதலில் பூச்சில் மூழ்கிவிட்டன. பூசும்போது அந்த இரண்டு கோடுகளின் மேல் தூரிகை படாமல் விட்டு மறுபடி செய்ததும் அவையும் தங்கின. ரவிக்கையின் பச்சை தானாகவே நிலைத்துவிட்டது. கரையின் நிறம் கட்டளையில் இல்லாமல் கையால் வந்ததால் இரண்டும் அடித்துக்கொள்ள வாய்ப்பில்லை என்று நினைக்கிறேன். இப்போது கட்டளையில் எழுதும் நிறங்கள் இரண்டே: அரக்கும் பச்சையும்.

எஞ்சியிருக்கும் தொல்லை கோயில் காட்சி. கதைப்படி அது மாலை நேரம். மாலை வெயிலைச் சேர்த்தால் கரை மீண்டும் 35-க்கு இறங்குகிறது.

கீற்றொளி | மார்ச் 9, காலை 8.00

அது இறங்கத்தான் வேண்டும். மஞ்சள் வெயிலில் நிற்கும் கடுகுக் கரை உண்மையிலேயே ஆரஞ்சுப் பக்கம் சாயும். அங்கேயும் 43 வேண்டுமென்று அடம்பிடித்தால் புடவை மட்டும் வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல இருக்கும். சுவரும் தோலும் எவ்வளவு சாய்ந்திருக்கின்றனவோ அவ்வளவுக்குக் கரையையும் சாய விடுங்கள்.

தறிமேடை | மார்ச் 9, இரவு 7.50

இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. புடவை எடுக்க வருபவர்கள் கடையின் விளக்கை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துத்தான் நிறத்தை முடிவு செய்வார்கள். வாசகர் முந்தைய அத்தியாயத்தில் கடுகுக் கரையைப் பார்த்தார். இதில் ஆரஞ்சைப் பார்த்தால் வேறு புடவை என்றுதான் நினைப்பார். வெயிலைக் கோபுரத்தின் மேல் அடிக்கச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணை மண்டபத்து நிழலில் நிறுத்த முடியாதா?

சுவடி | மார்ச் 9, இரவு 10.35

நிறுத்திப் பார்த்தேன். நிழலில் கரை 40 பாகை வருகிறது, பின்னால் கோபுரத்தில் வெயில் இருக்கிறது. ஆனால் நிழலில் பட்டின் பளபளப்பு அடங்கி, புடவை பருத்திபோலத் தெரிகிறது. மண்டபத்தின் ஒரு பக்கத்திலிருந்து மெல்லிய பகல் வெளிச்சம் விழுவதாக `soft daylight from the left` என்று சேர்த்ததும் மடிப்பின் முதுகில் அந்தப் பட்டை கொஞ்சம் திரும்பி வந்தது. இந்த அத்தியாயத்துக்கு இதையே வைத்துக்கொள்கிறேன். அடுத்ததில் கதாநாயகியின் அக்காள் மாந்துளிர்ப் புடவையில் வருகிறாள். பாவும் ஊடையும் எந்தெந்த நிறமென்று தறிமேடை ஐயா எழுதினால் அதிலிருந்து தொடங்குவேன்.